18,000 ரூபாய் ஆபரேட்டர்: ஒரு மணிக்கு உண்மையில் என்ன விலை?

கேள்வி: ஓசூர் சிட்கோவில் சின்ன சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். மொத்தம் 22 பேர். டர்னிங் சென்டர் ஆபரேட்டருக்கு மாதம் 18,000 சம்பளம். 26 நாள், 8 மணி என்று வகுத்து, மணிக்கு 86 ரூபாய் 50 காசு என்று வைத்துத்தான் கோட் கொடுக்கிறேன். ஆர்டர் இருக்கிறது, மெஷினும் ஓடுகிறது. ஆனால் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பிஎஃப், ஈஎஸ்ஐ, லீவு, ஆள் சும்மா நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு மணிக்கு என்ன ஆகும்? எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

மணிக்கு 162 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். நீங்கள் போடுவதுபோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எப்படி வருகிறது என்று போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பட்டறையின் எண்களைப் போட்டால் விடை கொஞ்சம் மாறும், போகும் வழி மாறாது.

கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். மேலே ஓர் ஆண்டில் அந்த ஆளுக்காக உங்கள் கையிலிருந்து போகும் மொத்தப் பணம். கீழே அதே ஆண்டில் அவர் கையால் நடக்கும், வாடிக்கையாளரிடம் காசு கேட்கக்கூடிய வேலை மணிகள். மாதக் கணக்கு வேண்டாம். போனஸும் பண்டிகை விடுமுறையும் கிராஜுவிட்டியும் ஆண்டுக்கணக்கில் வருபவை, மாதத்தில் அடக்கப் போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

முதலில் மேலே உள்ள பணம். 18,000-இல் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப்படியும் மற்றவையும் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 2,16,000.

பிஎஃப் என்றால் பலர் 12 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சலானை எடுத்துப் பாருங்கள். முதலாளி பங்கு 12 சதவீதம் போக, காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஆக 13 சதவீதம் உங்கள் தலையில். 14,000-க்கு மாதம் 1,820, ஆண்டுக்கு 21,840. அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000-ஐத் தாண்டியவருக்கு 15,000 வரைக்கும் மட்டும் கட்டினால் போதும், அதற்கு மேல் கட்டுவது உங்கள் விருப்பம். ஈஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25 சதவீதம். இந்தக் கணக்கில் முழு 18,000 மீதும் போட்டிருக்கிறேன்: மாதம் 585, ஆண்டுக்கு 7,020. ஆளிடமிருந்து பிடிக்கிற 12 சதவீதமும் 0.75 சதவீதமும் இதில் வரக்கூடாது. அவை 18,000-க்குள்ளேயே இருக்கின்றன. அதை மறுபடி சேர்த்துவிட்டு மணி விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று திகைப்பவர்கள் உண்டு.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி, விலக்கு பெறும் படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டுகிற பகுதி ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். அடிப்படையை 6,000 என்று காட்டிவிட்டு மிச்சத்தைப் படிகளாகப் பிரித்துவைத்திருப்பவர்களுக்கு அந்தப் பழைய சம்பளச் சீட்டு இனி உதவாது. நம் கணக்கில் 18,000-க்கு 14,000 இருப்பதால் இந்த உதை விழாது.

தீபாவளி போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம். 14,000 அடிப்படையில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதத் தொகை, 14,000 ரூபாய். நீங்கள் 10 சதவீதமோ 12 சதவீதமோ கொடுத்தால் அதைப் போடுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது இந்த இடத்தில் முக்கியமில்லை, போன தீபாவளிக்குக் கையிலிருந்து எவ்வளவு போனது என்பதுதான் கணக்கு.

கிராஜுவிட்டியைத்தான் சின்னப் பட்டறைகள் மொத்தமாக மறந்துவிடுகின்றன, பணம் இன்றைக்குப் போவதில்லை என்பதால். ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. 14,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 8,077 ரூபாய். ஆள் ஐந்து வருஷம் நிற்கமாட்டார், எதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஓசூரில் ஆபரேட்டர்கள் சிப்காட்டில் இரண்டாயிரம் அதிகம் கிடைத்தால் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நல்ல செட்டர் நிற்பார், அவரை நிற்கவைக்கத்தான் நீங்களும் பாடுபடுகிறீர்கள். அவர் பத்து வருஷம் கழித்துப் போகும்போது, முதல் வருஷத்துக்கும் சேர்த்துக் கடைசிச் சம்பளத்தில்தான் கணக்குப் போட வேண்டும். ஆகவே இந்த 8,077 குறைந்த மதிப்பீடு. நான் எல்லோருக்கும் முழுசாகவே போடச் சொல்வேன்.

கடைசியாக டீ, போண்டா, இரண்டு செட் யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ. ஆளுக்கு ஆண்டுக்கு 9,000 என்று வைக்கிறேன். தொழிலாளர் நல நிதி போன்ற சில்லறைகளும் அதிலேயே அடங்கிவிடும்.

இவை எல்லாம் சேர்ந்து 2,75,937 ரூபாய். 18,000 சம்பளக்காரர் மாதத்துக்கு 22,995 ரூபாய் ஆகிறார். சம்பளத்துக்கு மேல் 28 சதவீதம். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டால் அவரும் இந்த அளவைத்தான் சொல்வார், பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார். ஆனால் பெரிய ஓட்டை இனிமேல்தான் வருகிறது.

நீங்கள் 26 நாள், 8 மணி என்று வகுக்கும்போது ஆண்டுக்கு 2,496 மணி வேலை கிடைப்பதாக எடுத்துக்கொள்கிறீர்கள். நாள்காட்டியை வைத்துக் கழித்துப் பார்ப்போம்.

365 நாளில் ஞாயிறு 52 போனால் 313. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய விடுமுறை நான்கு (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2), பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஓசூரில் அந்த ஐந்தில் யுகாதியும் இடம் கேட்கும், பொங்கலுக்கு ஒரு நாள் போதாது என்பார்கள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாதிக்கு மேல் மெஷினைத் துடைப்பதிலும் பொரி கட்டுவதிலும் போய்விடும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்பதை மட்டும் கழித்தால் 304.

சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 20 நாள் வேலைக்கு ஒரு நாள். முன்பு இதற்குத் தகுதி பெற 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், புதிய தொகுப்பில் அது 180 ஆகிவிட்டது. முழு ஆண்டு வேலை செய்பவருக்கு 14 நாள் வரும் என்று வைப்போம். அது போக நீங்களாகக் கொடுக்கும் தற்செயல் விடுப்பு 6 நாள். மீதி 284 நாள். நாளைக்கு 8 மணி என்றால் 2,272 மணி. இதுதான் ஆள் பட்டறைக்குள் இருக்கும் நேரம்.

லீவு விஷயத்தில் இரண்டு முறை எண்ணுவது சகஜமாக நடக்கும் தவறு. லீவுச் சம்பளம் ஏற்கெனவே 2,16,000-க்குள் இருக்கிறது. அதனால் கீழே நாள்களைக் கழித்தால் போதும், மேலே லீவுச் செலவு என்று தனியாக ஒரு வரி சேர்க்கக்கூடாது. ஆள் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்து, ஆண்டுக் கடைசியில் லீவைப் பணமாக வாங்கிக்கொண்டால் கணக்கு மாறும். அப்போது அந்தப் பணத்தை மேலே கூட்டுங்கள், கீழே அந்த நாள்களைக் கழிக்காதீர்கள். உடம்பு சரியில்லாமல் ஈஎஸ்ஐ மருத்துவரிடம் சான்று வாங்கிப் படுத்திருக்கும் நாள்களுக்கு அவருக்குப் பணம் ஈஎஸ்ஐயிலிருந்து வரும், நீங்கள் கொடுப்பதில்லை. சம்பளப் பிடித்தத்தில் போகும் நாள்களும் அப்படித்தான், மேலேயும் குறையும் கீழேயும் குறையும். மணி விலை பெரிதாக நகராது. நின்றுபோன மெஷினுக்கான நஷ்டம் மெஷின் கணக்கில் வரும்.

இப்போது அந்த 8 மணிக்குள் நுழைவோம். காலை 9 மணிக்கு வந்தவர் உடனே முதல் ஜாபைச் சக்கில் கட்டிவிடுவதில்லை. மெஷினை ஆன் செய்து, ரெஃபரன்ஸ் எடுத்து, ஸ்பிண்டிலைச் சும்மா ஓடவிட்டு, கூலண்ட் பார்த்து, முதல் பீஸ் அளவெடுப்பதற்குள் கால் மணி நேரம் போகும். சாயங்காலம் சிப்ஸ் வாரித் துடைக்கப் பத்து நிமிடம். டீ இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம். இதுவரை 45 நிமிடம். இதை யாரும் குறை சொல்ல முடியாது, எந்தப் பட்டறையிலும் இருக்கிறதுதான்.

அடுத்தது காத்திருப்பு. பார் வெட்டி வரவில்லை. ஃபர்ஸ்ட் பீஸை இன்ஸ்பெக்ஷனில் கொடுத்தால் அங்கே ஏற்கெனவே நான்கு பேர் நிற்கிறார்கள். இன்சர்ட் தீர்ந்துவிட்டது, ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் பேங்குக்குப் போயிருக்கிறார். புரோகிராமில் ஒரு ஆஃப்செட் சந்தேகம், செட்டர் வேறு மெஷினில் இருக்கிறார். சராசரியாக நாளைக்கு 45 நிமிடம் என்று வைக்கிறேன். கடைசியில் ரிப்பேரும் மின்தடையும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்தைத் தின்றால், மாதம் முழுக்கப் பரப்பினால் நாளைக்கு 12 நிமிடம். ஜெனரேட்டர் இருந்தால் இந்த வரி டீசல் செலவாக வேறு பக்கம் போகும். ரிப்பேரோடு சேர்த்து நாளைக்கு 30 நிமிடம்.

மொத்தம் 120 நிமிடம் போய்விட்டது. 8 மணியில் 6 மணிதான் வேலை. 284 நாளுக்கு 1,704 மணி.

2,75,937-ஐ 1,704-ஆல் வகுத்தால் 161 ரூபாய் 93 காசு.

86.50 எங்கே, 162 எங்கே என்று பார்த்தால் எது எவ்வளவு தின்றது என்று தெரியும். பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து மணிக்கு 24 ரூபாய்தான் ஏற்றின. விடுமுறையும் லீவும் 11 ரூபாய். நாளுக்குள் போன அந்த இரண்டு மணி நேரம் மட்டும் 40 ரூபாய்க்கு மேல். முதலாளிகள் கூடிப் பேசினால் பிஎஃப், ஈஎஸ்ஐயைத்தான் குறை சொல்வார்கள். பணம் போவதோ இன்ஸ்பெக்ஷன் மேஜை முன்னால் நிற்கிற வரிசையில்.

இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அடிப்படையை 14,000-இலிருந்து 9,000-க்கு இறக்கிப் பிஎஃப் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மிச்சமாவது ஆண்டுக்கு 7,800, மணிக்கு 4 ரூபாய் 60 காசு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதை அனுமதிக்காது என்பது தனிக் கதை. அதற்குப் பதிலாக, தினம் 15 நிமிடக் காத்திருப்பைக் குறைத்தால் ஆண்டுக்கு 71 மணி கூடுதலாகக் கிடைக்கும், மணி விலை 155 ரூபாய் 50 காசுக்கு இறங்கும். ஆறரை ரூபாய். இன்சர்ட்டை முந்தின நாள் மாலையே மெஷின் பக்கத்தில் எடுத்துவைக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை.

சரி, 6 மணி என்பது என் கணக்கு. உங்கள் பட்டறையில் அது 6-ஆ, 5 மணி 20 நிமிடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூப்பர்வைசரைக் கேட்காதீர்கள், ஏழரை என்பார். லாக் புக்கை மட்டும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக எழுதப்படுவது. மெஷினையே கேளுங்கள். ஃபேனக் கன்ட்ரோல் என்றால் செட்டிங் பக்கத்தில் டைமர் திரை இருக்கும். அதில் `POWER ON`, `OPERATING TIME`, `CUTTING TIME` என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். `POWER ON` மெஷின் ஆன் செய்திருந்த நேரம். `OPERATING TIME` புரோகிராம் ஆட்டோவில் ஓடிய நேரம், நிறுத்தியிருந்ததும் ஃபீட் ஹோல்டில் நின்றதும் இதில் சேராது. `CUTTING TIME` டூல் கட்டிங் ஃபீடில் நகர்ந்த நேரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போனில் படம் எடுத்துவைத்தால் போதும். ஒரு மாதம் செய்தால் யாரும் மறுக்க முடியாத எண் கையில் இருக்கும். வேறு கன்ட்ரோல் என்றாலும் இதுபோல் ஒரு பக்கம் இருக்கும், மெஷின் சர்வீஸுக்கு வருபவரைக் கேட்டால் காட்டிவிடுவார்.

அந்தத் திரையைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். உதாரணத்துக்கு, ஒரு நாளில் `OPERATING TIME` 4 மணி 28 நிமிடம்தான் ஏறியிருக்கிறது என்று வைப்போம். ஜாப் சைக்கிள் 3 நிமிடம் 50 செகண்ட், 70 பீஸ் ஓடியிருக்கிறது. ஒரு பீஸைக் கழற்றி அடுத்ததை மாட்ட 40 செகண்ட். அந்த 40 செகண்ட் மெஷின் கணக்கில் வராது, ஆனால் ஆள் வேலைதான் செய்கிறார். 70 பீஸுக்கு 47 நிமிடம். காலையில் ஜாப் மாற்றி செட்டிங் போட்ட 45 நிமிடமும் வேலைதான். மூன்றையும் கூட்டினால் 6 மணி சரியாக வந்துவிடும். திரையில் உள்ளதை மட்டும் எடுத்து 4 மணி 28 நிமிடத்தால் வகுத்தால் மணி விலை 217 ரூபாய்க்கு ஏறி, கோட் கொடுத்த இடமெல்லாம் ஆர்டர் போய்விடும்.

செட்டிங்கை வேலை நேரத்தில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சும்மா நிற்கும் நேரத்தில் தள்ளினால் அந்தச் செலவு எல்லா ஜாபுக்கும் சமமாகப் பரவிவிடும். இரண்டு மணி நேர செட்டிங் என்றால் 324 ரூபாய். 100 பீஸ் ஆர்டரில் அது பீஸுக்கு 3 ரூபாய் 24 காசு, 2,000 பீஸில் 16 காசு. தனியாகக் காட்டாவிட்டால் பெரிய ஆர்டர் கொடுப்பவர் சின்ன ஆர்டர்காரரின் செட்டிங்குக்குப் பணம் கட்டுவார். கொஞ்ச நாளில் பெரிய ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும், உங்களிடம் 100 பீஸ்காரர்கள் மட்டும் நிற்பார்கள்.

இப்போது சிக்கலான இடம். பிப்ரவரியில் மூன்று வாரம் ஆர்டரே இல்லை, ஆள் வந்து துடைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்தை இதில் சேர்க்க வேண்டுமா? கூடாது. 18 நாள், நாளைக்கு 6 மணி என்றால் 108 மணி. அதையும் கழித்தால் 1,596 மணி, மணி விலை 173. ஆர்டர் குறைவாக இருந்ததால் விலை ஏறுகிறது, ஏறிய விலையைக் கண்டு இன்னும் ஆர்டர் குறையும், அடுத்த ஆண்டு 185 ஆகும். பட்டறையை மூடும் வரை இது நிற்காது. காத்திருப்பு, டீ, சாதாரண ரிப்பேர் எல்லாம் இந்தத் தொழிலோடு கூடவே வருபவை, அவை மணி விலையில் இருக்கட்டும். ஆர்டர் இல்லாமை, ஸ்பிண்டில் உடைந்து பத்து நாள் நின்றது போன்றவற்றை அப்படியே நஷ்டக் கணக்கில் எழுதுங்கள். செலவுக் கணக்காளர்களின் நியமமும் இயல்பானதையும் இயல்புக்கு மாறானதையும் இப்படித்தான் பிரிக்கச் சொல்கிறது. 108 மணிக்கு 17,500 ரூபாய் என்று ஒரு வரியில் தனியாகத் தெரிந்தால், அது ஆர்டர் பிடிக்க வேண்டிய பிரச்சினை என்று உங்களுக்கே புரியும். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் அதே மூன்று வாரம் தவறாமல் வருகிறது என்றால் மட்டும் அது இயல்பானது, அப்போது சேருங்கள்.

கோட்டுக்கு வருவோம். மேலே சொன்ன ஜாபில் ஒரு பீஸுக்கு ஆள் நேரம் நாலரை நிமிடம். 86.50 விலையில் 6 ரூபாய் 49 காசு வாங்குகிறீர்கள், உண்மையில் ஆவது 12 ரூபாய் 15 காசு. பீஸுக்கு 5 ரூபாய் 66 காசு கையை விட்டுப் போகிறது. செட்டிங்குக்கும் முழுசாகக் காசு வாங்குகிறீர்கள் என்றே வைத்தாலும், 1,704 மணிக்கு ஓர் ஆபரேட்டர் கணக்கில் ஆண்டுக்கு 1,28,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். வருஷக் கடைசியில் கையில் நிற்காத பணம் பெரும்பாலும் இதுதான்.

உடனே எல்லாக் கோட்டிலும் 162-ஐப் போட்டுவிடாதீர்கள். பெரிய கம்பெனி பர்ச்சேஸ் அனுப்பும் காஸ்ட் பிரேக்கப் ஷீட்டில் எஃபிஷியன்சி 85 சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் இருந்தால் சும்மா நிற்கும் நேரத்தில் ஒரு பகுதி அங்கேயே அடங்கிவிட்டது. அதன் மேல் 162-ஐயும் போட்டால் ஒரே நேரத்துக்கு இரண்டு தடவை காசு கேட்டதாகும், பர்ச்சேஸ்காரர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஷீட்டில் ஆள் பட்டறைக்குள் இருக்கும் மணியின் விலையைப் போடுங்கள். 2,75,937-ஐ 2,272-ஆல் வகுத்தால் 121 ரூபாய் 45 காசு. அவர்களின் 85 சதவீதத்தால் அது 143 ஆகும். உங்களுடைய உண்மை 75 சதவீதம். நடுவில் உள்ள 19 ரூபாய்தான் பேரம் பேச வேண்டிய இடம். அங்கே விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தெரிந்தே முடிவு செய்யலாம்.

ஓர் ஆபரேட்டர் இரண்டு மெஷின் பார்த்தால் 162-ஐ இரண்டால் வகுத்து 81 என்று போடுவார்கள். அது நடக்காது. ஒன்றில் ஜாப் மாட்டும்போது மற்றொன்று சைக்கிள் முடிந்து நிற்கும். இரண்டும் தலா 65 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு 2,954 மெஷின் மணி, மெஷின் மணிக்கு ஆள் செலவு 93 ரூபாய். சைக்கிள் குறைவான ஜாபில் இது இன்னும் ஏறும்.

ஓவர்டைம் பற்றியும் ஒரு வார்த்தை. இரட்டைச் சம்பளம் என்றால் மணிக்கு 173 ரூபாய், கட்டுப்படியாகாது என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். சாதாரண மணியை 86.50 என்று நினைப்பதால் வரும் பயம் அது. ஓவர்டைமுக்கு லீவு ஏறாது, பிஎஃப் ஏறாது, கிராஜுவிட்டி ஏறாது. ஆகவே ஒப்பிட வேண்டியது 121-ஓடு. நாற்பது சதவீதம்தான் அதிகம், இரண்டு மடங்கு இல்லை. டெலிவரி தள்ளி அபராதம் கட்டுவதைவிடப் பல சமயம் மேல்.

இந்த 162-இல் ஆபரேட்டர் ஒருவர் மட்டும்தான் இருக்கிறார். 22 பேரில் ஹெல்பர், இன்ஸ்பெக்டர், ஸ்டோர், சூப்பர்வைசர், ஆபீஸ் எல்லாம் போக மெஷினில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்களின் ஆண்டுச் செலவையும் இதே முறையில் மேல் பாதி வரைக்கும் போட்டு, அந்தத் தொகையை மெஷின் மணி விலையில் ஏற்ற வேண்டும். கரண்ட், தேய்மானம், வாடகை இருக்கும் இடத்தில். அதை விட்டுவிட்டால் 162 சரியாக இருந்தும் பட்டறை நஷ்டத்தில் ஓடும்.

போட்ட விலை சரிதானா என்று மாதாமாதம் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த மாதம் டெலிவரி சலான் போட்ட ஜாப்களை எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் கோட்டில் போட்ட நிமிடத்தால் பெருக்கிக் கூட்டுங்கள், செட்டிங் மணியையும் சேர்த்து. ஆளுக்கு 142 மணிக்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு நிற்கிறது. 120 வந்தால், ஆர்டர் இல்லாமல் நின்ற மணியை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சமும் பெரிதாக இருந்தால் இரண்டில் ஒன்று: உள்ளே காத்திருப்பு கூடியிருக்கிறது, அல்லது கோட்டில் போட்ட நாலரை நிமிடம் தரையில் ஐந்தரை ஆகியிருக்கிறது. டைமர் திரைப் படங்களை அந்த மாதத்துக்கு எடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஊர்த் திருவிழாவுக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் பாதிப் பேர் போய்விடுவார்கள், அந்த மாதங்களைத் தனியாக வைத்துப் பார்க்காமல் ஆண்டுச் சராசரியோடு பாருங்கள்.

கணக்கை ஆண்டுக்கு ஒரு தடவை, ஏப்ரலில் புதுப்பித்தால் போதும். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஏப்ரல் 1-இல்தான் மாறுகிறது. அப்போது பர்ச்சேஸில் விலை உயர்வு கேட்பவர்கள், 500 ரூபாய் ஏறியது, 208 மணியால் வகுத்தால் 2 ரூபாய் 40 காசு என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். பஞ்சப்படியில் 500 ஏறினால் பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் அதன் மேல் ஏறி ஆண்டுக்கு 7,763 ரூபாய் ஆகிறது. அதை 1,704 மணியால் வகுத்தால் மணிக்கு 4 ரூபாய் 56 காசு. கேட்க வேண்டியது அந்தத் தொகை.